அத்தியாயம் 6: ஷிஃப்ட் பார்ப்பவரின் சுயவிவரம்

திருமணத் தளங்களில் 'என்னைப் பற்றி' என்று ஒரு பெட்டி இருக்கும். வயது, படிப்பு, நட்சத்திரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டங்கள் உண்டு. ஆனால் 'எப்போது வீட்டில் இருப்பீர்கள்' என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒன்பதிலிருந்து ஆறு மணி வரை வேலை பார்ப்பவருக்கு அது தேவையும் இல்லை. நர்ஸுக்கும் விமானிக்கும் அதுதான் முதல் கேள்வி. கட்டம் இல்லாததால், அந்தப் பதிலை நாமே 'என்னைப் பற்றி' பெட்டிக்குள் எழுத வேண்டியிருக்கிறது.

அதை எப்படி எழுதுவது என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கல்யாண் கிழக்கில் பெற்றோருடன் வாழும் ஒரு தமிழ்ப் பெண். வயது 28. தாதர் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ். அவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவருடைய ட்யூட்டி நேரங்களும் ரயில் பயணமும் கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பகுதிகளிலிருந்து நகரத்துக்குள் வேலைக்குப் போகும் எத்தனையோ சிஸ்டர்களுக்குத் தெரிந்தவை.

வழக்கமாக எழுதப்படும் மூன்று வரிகள்

முதலாவது: 'ஷிஃப்ட் வேலை என்பதால் புரிந்துகொள்ளும் துணை தேவை.' இதில் தகவல் எதுவும் இல்லை. எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லாமலே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. படிப்பவர் மாதம் முழுக்க நைட் ட்யூட்டி என்று நினைத்துக்கொள்வார், இல்லையென்றால் எப்போதாவது ஒரு நாள் தாமதமாகும் என்று நினைத்துக்கொள்வார். இரண்டும் தவறு.

இரண்டாவது: 'வேலை நேரம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.' இது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ எழுதும் வரி. ரோஸ்டர் போடுவது வார்டு இன்சார்ஜ், அதற்கு மேல் மேட்ரன். நர்ஸ் கேட்கலாம், முடிவு அவர் கையில் இல்லை. இந்த வரியை நம்பி வரும் குடும்பம், முதல் முறை நாள் மாறும்போதே ஏமாற்றப்பட்டதாக உணரும்.

மூன்றாவது வழி, ஷிஃப்ட் பற்றி எதுவுமே எழுதாமல் விடுவது. 'முதலில் பேசட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்ற எண்ணம். அந்தப் பிறகு எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்பார்கள். பெண்ணுக்கு அன்று காலை எட்டு மணிக்குத்தான் நைட் முடியும். வீடு வந்து சேரப் பத்து மணி. இரவெல்லாம் கண் விழித்தவர் பதினோரு மணிக்குப் புடவை கட்டி நிற்க வேண்டும். சொல்லியிருந்தால் மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கலாம்.

எது தெரியும், எது தெரியாது

'என் நேரம் நிச்சயமில்லை' என்று ஒரே சொல்லில் முடிப்பதால்தான் எதிரில் இருப்பவருக்குப் பயம் வருகிறது. உண்மையில் ஷிஃப்ட் வேலையில் மூன்று வகை நேரம் கலந்திருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, மாறும், ஆனால் முன்கூட்டியே தெரியும். ரோஸ்டர் இந்த வகை. நம் உதாரணத்தில் காலை 8 முதல் 2, மாலை 2 முதல் 8, இரவு 8 முதல் மறுநாள் காலை 8. இந்த மூன்றும் சுழன்று வரும். பதினைந்து நாளுக்கு ஒரு ரோஸ்டர், அது தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு ஒட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒட்டிய அன்று அவருக்கு அடுத்த பத்தொன்பது நாள் தெரியும். அடுத்த ரோஸ்டர் வருவதற்கு முந்தைய நாளில் நான்கைந்து நாள்தான் தெரியும். 'மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிறு வரலாமா' என்று யாராவது கேட்டால் அவரால் எந்த நாளிலும் உறுதி சொல்ல முடியாது. அவர் செய்யக்கூடியது, அந்த நாளுக்கு ஆஃப் வேண்டும் என்று இன்சார்ஜிடம் முன்னதாகவே கேட்டு வைப்பது மட்டும்தான். இதைச் சொன்னால் எவருக்கும் புரியும்.

இரண்டாவது வகை, நீளும் நேரம். ட்யூட்டி இரண்டு மணிக்கு முடிகிறது என்றால் இரண்டு மணிக்குக் கிளம்ப முடியாது. ஹேண்ட் ஓவர் கொடுக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு படுக்கைக்கும் மருந்து, டிரிப், வெண்டிலேட்டர் அளவுகள், டாக்டர் சொன்னது என்று வரிசையாக ஒப்படைக்க வேண்டும். ரிலீவர் வராவிட்டால் நோயாளியை விட்டு நகரவே முடியாது. அதன் பிறகு ரயில். தாதரிலிருந்து கல்யாணுக்கு ஃபாஸ்ட் லோக்கலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரு பக்க நடையையும் ஆட்டோவையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். எனவே காலை ட்யூட்டி என்றால் அவர் 6.15-க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், மாலை 4.15 வாக்கில் வீடு சேர்கிறார். மாலை ட்யூட்டி என்றால் இரவு பத்தேகாலுக்கு.

மூன்றாவது வகைதான் உண்மையில் கணிக்க முடியாதது. சக நர்ஸுக்கு உடம்பு சரியில்லை, இவர் டபுள் ட்யூட்டி பார்க்க வேண்டும். ஒட்டிய ரோஸ்டரே மாறுகிறது. ஜூலை மழையில் குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது, லோக்கல் ஓடவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது நகரமே வழியில் நின்றது. அவ்வளவு பெரிய மழை வேண்டாம், சாதாரண மழைக்காலத்திலும் ரிலீவர் வந்து சேராமல் இருப்பவரே தொடரும் நாட்கள் உண்டு.

மூன்றாவது வகை எவ்வளவு என்பதை மனத்தால் மதிப்பிடாதீர்கள். சோர்வான வாரத்தில் எழுதினால் அது பெரிதாகத் தெரியும், லீவில் எழுதினால் சிறிதாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள்.

மூன்று மாத ரோஸ்டரை எண்ணுவது

போனில் எடுத்து வைத்திருக்கும் ரோஸ்டர் படங்களில் கடந்த மூன்று மாதத்தை எடுத்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: ஞாயிறுகள், நைட் நாட்கள், ஒட்டிய பிறகு மாறிய ட்யூட்டிகள்.

நம் உதாரணத்தில் மூன்று மாதத்தில் 13 ஞாயிறு. அவற்றில் முழு ஆஃப் 4. காலை ட்யூட்டி 3, அன்று மாலை மட்டும் கிடைக்கும். மாலை ட்யூட்டி 3, அன்று முற்பகல் மட்டும். மீதி 3 ஞாயிறுகள் நைட்டில் போயின. அதாவது குடும்பங்கள் சந்திக்க விரும்பும் ஞாயிறு, இவருக்கு மாதத்துக்கு ஒன்றுதான் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் வார நாட்களில் ஆஃப்கள் இருக்கின்றன, மாலை ட்யூட்டி நாட்களில் காலை நேரமும் இருக்கிறது. ஒட்டிய பிறகு மாறியவை ஆறு, மாதத்துக்கு இரண்டு.

நைட் நாட்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இவருக்கு மாதம் ஒரு முறை ஆறு இரவு தொடர்ந்து வருகிறது, பிறகு இரண்டு நாள் நைட் ஆஃப். பார்ப்பவருக்கு இரண்டு நாள் விடுமுறை. ஆனால் முதல் நைட் ஆஃப் நாளின் காலை எட்டு மணி வரை அவர் வார்டில்தான் இருக்கிறார். பத்து மணிக்கு வீடு, பதினோரு மணிக்குத் தூக்கம், மாலைதான் எழுந்திருப்பார். உண்மையான விடுமுறை இரண்டாவது நாள் மட்டுமே. இதை நர்ஸ்கள் அனைவரும் அறிவார்கள், வெளியில் இருப்பவர் யாரும் அறியமாட்டார்கள். நைட் வாரத்தில் பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை தூக்கம், ஆறு மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். பேசக் கிடைப்பது அந்த இடைப்பட்ட ஒரு மணி நேரம்தான். இதைச் சொல்லாவிட்டால், மதியம் ஒரு மணிக்கு மூன்று முறை அழைத்து ஒரு பதிலும் கிடைக்காதவர், பெண்ணுக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

எழுதிப் பார்ப்போம்

எண்ணியதை வைத்து எழுதிய சுயவிவரம் இது:

> கல்யாணில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். மத்திய மும்பையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். காலை, மாலை, இரவு மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் நைட். பதினைந்து நாள் ரோஸ்டர் நான்கு நாள் முன்னால் தெரியும், தெரிந்ததும் எந்த நாள் காலி என்று சொல்லிவிடுவேன். முழு ஞாயிறு மாதத்துக்கு ஒன்றுதான் கிடைக்கிறது, வார நாளில் சந்திப்பது எனக்கு எளிது. ட்யூட்டியில் போன் எடுக்க முடியாது, முடிந்ததும் நானே கூப்பிடுவேன். மாதத்தில் ஓரிரு முறை கடைசி நேரத்தில் ட்யூட்டி மாறும். மாறினால் உடனே சொல்லி, அப்போதே வேறொரு நாளும் சொல்வேன். இந்த வேலையைத் திருமணத்துக்குப் பிறகும் தொடர விரும்புகிறேன். காலை ட்யூட்டி நாட்களில் வீட்டில் இரவுச் சமையல் என்னுடையது. ஆஃப் நாளில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறியும் பூவும் வாங்கி வருவது மிகவும் பிடிக்கும்.

இதில் மன்னிப்பு எங்கும் இல்லை, புகாரும் இல்லை. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பக்கத்திலேயே அவர் என்ன செய்வார் என்பது இருக்கிறது. போன் எடுக்க முடியாது, ஆனால் முடிந்ததும் அவரே அழைப்பார். ட்யூட்டி மாறும், ஆனால் அப்போதே வேறு நாள் சொல்வார். இந்த இரண்டாவது பாதி வாக்குறுதி. காப்பாற்ற முடிந்ததை மட்டுமே அங்கே எழுத வேண்டும். 'எப்படியும் தினமும் பேசுவேன்' என்று எழுதினால் முதல் நைட் வாரத்திலேயே அது பொய்யாகிவிடும்.

'சில சமயம்', 'அவ்வப்போது', 'முடிந்தவரை' போன்ற சொற்களும் இதில் இல்லை. 'மாதத்துக்கு ஒன்று', 'நான்கு நாள் முன்னால்', 'ஓரிரு முறை' என்றே இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தால் எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். தானேயில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், வாரநாளில் சந்திப்பது தனக்கு முடியாது என்று அப்போதே தெரிந்துகொண்டு விலகலாம். அவர் விலகுவது இருவருக்கும் நல்லது. இன்னொருவர் தன் சனிக்கிழமை மாலைகளை ஒதுக்கலாம் என்று நினைக்கலாம்.

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ட்யூட்டி பற்றி மட்டுமே எழுதிய சுயவிவரத்தில் ஆளைக் காண முடியாது. நேரம் பற்றிய விளக்கம் பாதிக்கு மேல் போகிறது என்றால், வெட்ட வேண்டியது நேரம் பற்றிய வரிகளைத்தான்.

வெளியில் எழுதக் கூடாதவை

வெளிப்படையாகச் சொல்வது என்பதற்கு எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வது என்று பொருள் இல்லை. மருத்துவமனையின் பெயர், வார்டு, எந்த நாள் எந்த ட்யூட்டி, எந்த லோக்கலில் போகிறார் என்பதெல்லாம் முன்பின் தெரியாத பலர் படிக்கும் இடத்தில் வரக் கூடாது. இரவு எட்டு மணிக்கு ட்யூட்டி முடித்து ஒன்பதரைக்கு மேல் கல்யாண் ஸ்டேஷனில் இறங்கும் ஒரு பெண்ணின் வழியை அது அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். 'மத்திய மும்பை', 'பெரிய மருத்துவமனை' என்ற அளவு போதும். மருத்துவமனைப் பெயரை, இரு குடும்பமும் பேசி, ஆள் யாரென்று உறுதியான பிறகு சொல்லலாம்.

ரோஸ்டரின் படத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் உங்கள் பெயர் மட்டும் இல்லை, வார்டில் உள்ள மற்ற சிஸ்டர்களின் பெயரும் அவர்களின் நைட் நாட்களும் இருக்கின்றன. உங்கள் நாட்களைத் தனியாக எழுதி அனுப்புங்கள்.

வீட்டாரும் அதையே சொல்ல வேண்டும்

நம்மிடையே பல சுயவிவரங்களைப் பெற்றோர்தான் நடத்துகிறார்கள். பெண் எழுதியது ஒன்று, போனில் அப்பா சொன்னது வேறு என்றால் எழுதியதற்கு மதிப்பில்லை. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"பொண்ணுக்கு நைட் ட்யூட்டி எல்லாம் உண்டுங்களா?"

"இப்போதைக்கு இருக்குங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பகல் ட்யூட்டிக்கு மாத்திக்கலாம்."

அப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பகல் மட்டும் வேலை உள்ள ஓ.பி.டி. போன்ற இடங்கள் குறைவு, அங்கே போகக் காத்திருப்பவர்கள் அதிகம். அதைக் கொடுப்பது மருத்துவமனை, அப்பா அல்ல. அந்தப் பெண் ஐ.சி.யூ. வேலையை விரும்பியே செய்பவராகவும் இருக்கலாம். அப்பா இப்படிச் சொல்லலாம்:

"மாசத்துல ஒரு வாரம் நைட் வருங்க. அது ஆஸ்பத்திரி போடுறது, நாங்க மாத்துறதா சொல்ல முடியாது. அவளுக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. அந்த வாரம் வீட்டுல எப்படிச் சமாளிக்கிறோம்னு வேணும்னா சொல்றேன்."

சுயவிவரத்தைப் போடுவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, இந்த ஒரு கேள்விக்கு அப்பா, அம்மா, பெண் மூவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் பொங்கல், தீபாவளி பற்றியதாக இருக்கும். அதற்கும் பதில் வைத்திருங்கள்: பண்டிகை நாளில் ஆஃப் வரும் என்று உறுதி சொல்ல முடியாது, வார்டில் எல்லோரும் கேட்பதால் ஒரு வருடம் கிடைத்தால் அடுத்த வருடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சந்திப்பு

நாள் குறிக்கும்போது வேலை நேரத்தோடு ரயிலையும் பாருங்கள். மத்திய ரயில்வேயில் பல ஞாயிறுகளில் மெகா பிளாக் இருக்கும். பெரும்பாலும் மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே, முற்பகலிலிருந்து பிற்பகல் வரை ஃபாஸ்ட் வண்டிகள் ஸ்லோ பாதையில் திருப்பி விடப்படும். காலை ட்யூட்டி முடித்து இரண்டரைக்குக் கிளம்புபவர் அன்று கல்யாண் போய், உடை மாற்றி, விருந்தாளியை எதிர்கொள்வது கடினம். அதைவிட மருத்துவமனையிலிருந்து பக்கத்தில் இருக்கும் மாட்டுங்காவில் மூன்றரை மணிக்குச் சந்திப்பது எளிது. மாப்பிள்ளை செம்பூரிலோ தாராவியிலோ இருந்தால் அவருக்கும் பக்கம்.

நைட் முடித்த காலையில் எந்தச் சந்திப்பையும் வைக்காதீர்கள். தூக்கம் கெட்ட முகத்தை விருப்பமில்லாத முகம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நைட் ஆஃபின் இரண்டாவது நாள்தான் சரியான நாள்.

விமானிக்கு என்ன வித்தியாசம்

முறை ஒன்றுதான், எண்ணிக்கைகள் வேறு. விமானிகளின் பணி நேரத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி வாரத்துக்குத் தொடர்ச்சியாக 48 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும், அதில் இரண்டு இரவுகள் அடங்க வேண்டும். இது நர்ஸுக்கு இல்லாத வசதி. 'வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் இருப்பேன்' என்று விமானி எழுத முடியும், அந்த ஓய்வு தன் சொந்த ஊரில்தான் கிடைக்கிறது என்றால். எந்தக் கிழமை என்பதை மட்டும் எழுத முடியாது, அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

விமானி தனியாகச் சொல்ல வேண்டியது ஸ்டேண்ட்பை நாள். அன்று அவர் வீட்டில் இருப்பார், ஆனால் அழைப்பு வந்தால் கிளம்ப வேண்டும். வீட்டில் இருப்பதைப் பார்ப்பவர் அதை விடுமுறை என்று நினைத்துச் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார். 'மாதத்தில் சில நாள் ஸ்டேண்ட்பை, அன்று வெளியே திட்டம் போட முடியாது' என்ற வரியில் 'சில' என்பதற்குப் பதில் தன் மூன்று மாத ரோஸ்டரிலிருந்து எண்ணை எடுத்துப் போட வேண்டும். வெளியூரில் தங்கும் இரவுகளையும் அப்படியே எண்ணி எழுதலாம்.

எப்போது திருத்த வேண்டும்

இந்தச் சுயவிவரம் ஒரு முறை எழுதி முடிக்கும் விஷயம் அல்ல. வார்டு மாறினால் ரோஸ்டர் மாறும். ஐ.சி.யூ.விலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் நைட் குறைந்து, அவசர அழைப்பு கூடலாம். மருத்துவமனை எல்லா ஷிஃப்டையும் பன்னிரண்டு மணி நேரமாக மாற்றினால் ஆஃப் நாட்களின் கணக்கே வேறாகிவிடும். அப்படி மாறும்போது பழைய எண்களை உடனே எடுத்துவிட்டு, 'இப்போதுதான் வார்டு மாறியிருக்கிறேன், புதிய ரோஸ்டர் பழகிய பிறகு நாட்களைச் சொல்கிறேன்' என்று எழுதுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர் இருந்தால் அவருக்கு முதலில் சொல்லுங்கள், சுயவிவரத்தைப் பிறகு திருத்தலாம். இரண்டு மாத ரோஸ்டர் கையில் சேர்ந்ததும் மறுபடி ஞாயிறுகளையும் நைட் நாட்களையும் மாறிய ட்யூட்டிகளையும் எண்ணி, புதிய எண்களைப் போடுங்கள்.